முப்பத்திரண்டாம் கேள்வியும் தாழ்வாரத்துக் குரலும்

குகட்பள்ளியில் மெட்ரோ பாலத்தின் தூண்களைத் தாங்கி நிற்கும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் அயல்நாட்டுக் கல்வி ஆலோசனை நிலையங்களின் பலகைகள் நெருங்கித் தொங்குகின்றன. ஒரு பக்கம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மறுபக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு, இடையே விடுதிகள், நகலகங்கள், பயிற்சி வகுப்புகள். ஆங்கிலத் தேர்வு எழுதுவதற்காகவே இப்பகுதிக்கு வந்து ஓரிரவு தங்கிச் செல்வோர் உண்டு. அத்தகைய தேர்வு மையம் ஒன்றில், ஒரு சனிக்கிழமை காலை, வேதியியலில் ஐந்தாம் ஆண்டு ஆய்வு செய்துகொண்டிருந்த தமிழ் மாணவி ஒருவர் தேர்வெழுதினார். மையத்தின் பெயரும் மாணவியின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. அன்று நடந்ததும், அதைப் பற்றி அவர் எழுதிய முறையீட்டுக் கடிதமும், அக்கடிதத்தால் என்ன ஆயிற்று, என்ன ஆகவில்லை என்பதுமே பொருள்.

அவருக்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமுனைவர் ஆய்வுக்கான உதவித்தொகை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. எஞ்சியிருந்த நிபந்தனை ஒன்றே: ஆங்கிலத் தேர்வின் நான்கு பிரிவுகளிலும் 7 புள்ளிக்குக் குறையக் கூடாது. சான்றிதழை அளிக்க ஐந்து வாரக் கெடு இருந்தது. படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகியவற்றில் அவருக்கு அச்சமில்லை. கேட்டல் பிரிவிலும் பயிற்சித் தாள்களில் நாற்பதுக்கு 32, 33 என்று விடை சரியாக வந்துகொண்டிருந்தது.

கேட்டல் தேர்வின் அமைப்பை அறிந்தால்தான் அன்றைய இடையூறின் தன்மை விளங்கும். நான்கு பகுதிகள், 40 கேள்விகள், ஏறத்தாழ 30 நிமிட ஒலிப்பதிவு. பதிவு ஒரே ஒரு முறை ஒலிக்கும். நிறுத்தவோ திருப்பிக் கேட்கவோ இயலாது. முதல் இரு பகுதிகள் அன்றாட வாழ்வைச் சார்ந்தவை. மூன்றாவது, மாணவர்களும் ஆசிரியரும் கலந்துரையாடுவது. நான்காவது, ஒருவரே நிகழ்த்தும் விரிவுரை. முந்தைய பகுதிகளில் இடையிடையே அடுத்த கேள்விகளைப் படித்துக்கொள்ளச் சிறு இடைவெளி உண்டு. விரிவுரையின் நடுவே அதுவும் இல்லை. ஆகவே நான்காம் பகுதியில் ஒரு சொல்லைத் தவறவிட்டவர் அச்சொல்லை மட்டும் இழப்பதில்லை. பேச்சு இப்போது எந்தக் கேள்விக்கு நேராகச் செல்கிறது என்ற இடத்தையே இழக்கிறார். அதை மீண்டும் கண்டுபிடிக்கும் வரை அடுத்தடுத்த விடைகளும் கைநழுவும்.

தேர்வுக்கூடம் மூன்றாம் மாடியில் இருந்தது. வரிசையாகக் கணினிகள், ஒவ்வொருவருக்கும் ஒரு ஹெட்போன். தொடங்குமுன் ஒலியளவைச் சரிபார்க்கச் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒலிப்பதிவு தொடங்கியபோது சுவர்க் கடிகாரத்தில் மணி 9:50. சாலையின் இரைச்சல் மெல்லிய முழக்கமாகக் கேட்டது. குளிர்சாதனப் பெட்டி தன்போக்கில் ஓடியது. அவை எவரையும் தொந்தரவு செய்யவில்லை.

மணி 10:10 அளவில், 27ஆம் கேள்வி வந்தபோது, அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அடுத்த அணியினரின் அடையாளச் சரிபார்ப்பு தொடங்கியது. ஊழியர் ஒருவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களையும் வரிசை எண்களையும் உரக்கப் படித்தார். அழைக்கப்பட்டவர் பதில் கொடுத்தார். கடவுச்சீட்டை எடுங்கள், பையை அங்கே வையுங்கள் என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அறிவுரைகள் வந்தன. அறைக்குள் இருந்த பெட்டி ஒன்றிலிருந்து எதையோ எடுக்க இன்னோர் ஊழியர் இரண்டு முறை கதவைத் திறந்தார். இரண்டாம் முறை திறந்த கதவு உடனே சாத்தப்படவில்லை. 32ஆம் கேள்விக்கு விரிவுரையாளர் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்த நொடியில் தாழ்வாரத்திலிருந்து வேறோர் எண் வந்து விழுந்தது. மாணவி விடைப்பெட்டியில் எழுதியது எந்த எண் என்பது அவருக்கே உறுதியில்லை. 34ஆம் கேள்வியைக் கடந்த பிறகே கதவு சாத்தப்பட்டது.

இங்கே தேர்வர் ஒருவர் சிக்கும் பொறியைக் கவனிக்க வேண்டும். இடையூறு நேர்ந்தால் உடனே கை உயர்த்தித் தெரிவிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஒலிப்பதிவோ நிற்பதில்லை. கண்காணிப்பாளர் வந்து, ஹெட்போனைக் கழற்றி, தாழ்ந்த குரலில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மூன்று கேள்விகள் ஓடிவிடும். புகார் செய்தால் மதிப்பெண் போகும். செய்யாவிட்டால் புகாருக்குச் சான்று போகும். அவர் இரண்டுக்கும் நடுவான ஒரு வழியைக் கைக்கொண்டார். கை உயர்த்திக் கண்காணிப்பாளரின் பார்வையை ஈர்த்து, பேசாமல் கதவைச் சுட்டிக்காட்டினார். கண்காணிப்பாளர் சென்று கதவைச் சாத்தினார். மாணவி தமக்குத் தரப்பட்டிருந்த குறிப்புத் தாளில் 27 என்றும் 34 என்றும் எழுதி இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தார். அவ்வளவே. அந்தக் கோடு பின்னர் அவருடைய கடிதத்தின் முதுகெலும்பு ஆயிற்று.

கேட்டல் பிரிவு முடிந்து, மற்றப் பிரிவுகளையும் எழுதி முடித்து வெளியே வந்தபோது, பக்கத்து இருக்கையில் எழுதிய இளைஞர் ஒருவர் அவரிடம் வந்தார். முதுகலைச் சேர்க்கைக்காக எழுதியவர். "அக்கா, உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டதா? எனக்கு மூன்றாம் பகுதி முழுக்கப் போய்விட்டது" என்றார். உடனே சொல்லிவிடுவோம் என்று இவர் அழைத்தபோது அவர் தயங்கினார். முடிவு வரட்டும், குறைந்தால் பார்ப்போம் என்பது அவர் எண்ணம். முறையிட்டால் தம்மைக் குறித்துவைத்துக்கொள்வார்களோ என்ற அச்சமும் இருந்தது. மாணவி மட்டும் மேற்பார்வையாளரிடம் சென்று நடந்ததைச் சொல்லி, அதை நிகழ்வுப் பதிவேட்டில் எழுதும்படி கேட்டுக்கொண்டார். "மேடம், சின்ன விஷயம்தானே" என்றார் மேற்பார்வையாளர். சிறிதா பெரிதா என்பதை யார் வேண்டுமானாலும் பிறகு முடிவு செய்யட்டும், நடந்தது என்பது மட்டும் இன்றைய தேதியில் பதிவாகட்டும் என்று இவர் பொறுமையாகச் சொன்னார். பதிவாயிற்று. எழுதிய நேரம் 1:05 என்பதையும் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை விடுதியில் அமர்ந்து எழுதிய முதல் வரைவு முழுதும் சினமாக இருந்தது. மையத்தின் நிர்வாகம் பொறுப்பற்றது, ஊழியர்களுக்குப் பயிற்சி இல்லை, இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு இப்படியா, தம்முடைய எதிர்காலமே பாழாகிவிட்டது என்று ஒன்றரைப் பக்கம். தாமே மறுபடி படித்தபோது அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. அக்கடிதத்தில் எவரேனும் சரிபார்க்கக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை ஏன் பிழைத்தது என்று எழுதும்போது எவரும் இப்படி எழுதுவதில்லை. எந்தக் கருவி, எந்த நேரம், எந்த அளவு, எது மாறியது என்றே எழுதுவார்கள். இரண்டாம் வரைவை அவ்வாறு எழுதத் தொடங்கினார்.

எழுதுமுன் அவர் மனத்தில் எழுந்த கேள்வி நேர்மையானது. சாலை இரைச்சல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தாழ்வாரத்துப் பேச்சை மட்டும் ஏன் பொறுக்க முடியவில்லை? இது தம்முடைய பலவீனமா, அல்லது அவ்வோசையின் இயல்பா?

இதற்கு இரண்டு நிலைகளில் விடை உண்டு. முதலாவது, ஒலியளவு. கேட்க வேண்டிய பேச்சு சுற்றுப்புற இரைச்சலைவிட எத்தனை டெசிபல் உயர்ந்திருக்கிறது என்பதே பேச்சு விளங்குவதைத் தீர்மானிக்கும் முதற்காரணம். வகுப்பறைகளில் ஆசிரியர் குரல் இரைச்சலைவிடக் குறைந்தது 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பேச்சு, செவியியல் வல்லுநர் சங்கத்தின் பரிந்துரை. ஹெட்போனில் வரும் குரல் 65 டெசிபல் என்றும், மூடிய கதவைத் தாண்டி வரும் பேச்சு 45 என்றும் எடுத்துக்காட்டாகக் கொண்டால் இடைவெளி 20, கவலையில்லை. கதவு திறந்து அப்பேச்சு 58 ஆகிவிட்டால் இடைவெளி 7ஆகச் சுருங்கிவிடும். தாய்மொழியில் கேட்பவர் அந்நிலையிலும் பெரும்பாலும் சமாளிப்பார். இரண்டாம் மொழியில் கேட்பவருக்கு அது கடினம். மேயோ, ஃபுளோரன்டீன், பூஸ் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: அமைதியில் நன்றாகக் கேட்கக்கூடியவர்களுள்ளும், ஆங்கிலத்தைப் பருவ வயதுக்குப் பின் கற்றவர்கள் இரைச்சலைத் தாங்கும் அளவு குறைவாக இருந்தது. ஆங்கிலத் தேர்வு எழுதுவோருள் பெரும்பாலோர் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கேட்பவர்களே. அவர்களுக்குத்தான் அறை மிகவும் அமைதியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒலியின் தன்மை. குளிர்சாதனப் பெட்டியின் ஓசை மாறாமல் ஒரே சீராக வருவது; மனம் அதைச் சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடும். பேச்சு அவ்வாறன்று. அது நொடிக்கு நொடி மாறுகிறது. கோல், வெல்ஷ் ஆகிய இருவர் 1976இல் செய்த சோதனையில், எழுத்துகளைக் கண்ணால் பார்த்து வரிசையாக நினைவில் வைத்தவர்களுக்குப் பின்னணியில் ஜெர்மன் மொழிப் பேச்சு ஒலிக்கப்பட்டது. அவர்களுக்கு அம்மொழி தெரியாது. ஆயினும் நினைவாற்றல் தெளிவாகக் குறைந்தது. பொருள் புரியாத பேச்சே வரிசை நினைவைக் கலைக்கும் என்றால், புரியும் பேச்சு மேலும் ஒரு வழியில் தாக்கும். அது கவனத்தையே இழுத்துக்கொள்ளும். மோரே 1959இல் காட்டியதுபோல, ஒரு காதில் வருவதை மட்டுமே கவனிக்கும்படி பணிக்கப்பட்டவருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், மறுகாதில் தம் பெயர் வந்தால் அதைக் கேட்டுவிடுகிறார். தாழ்வாரத்தில் படிக்கப்பட்டவை பெயர்களும் எண்களும். உள்ளே விடையாக எழுத வேண்டியவையும் பெரும்பாலும் பெயர்களும் எண்களுமே. நான்கு ஆண்டு ஐதராபாத் வாழ்க்கையில் தெலுங்கைக் காதால் கற்றுக்கொண்ட மாணவிக்கு அப்பேச்சில் எதுவும் புரியாமல் போகவில்லை.

இவையெல்லாம் அவருக்கு ஆறுதல் தந்தன. ஆனால் கடிதத்தில் இவற்றுள் ஒன்றையும் அவர் எழுதவில்லை. அது சரியான முடிவு. மைய நிர்வாகிக்குச் செவியியல் பாடம் தேவையில்லை. டெசிபல் கணக்கை எழுதினால், அளந்தீர்களா என்ற கேள்வி வரும். கைப்பேசிக்கே அனுமதியில்லாத அறையில் எவர் எதைக் கொண்டு அளப்பது? அளக்காத ஒன்றை எண்ணாக எழுதிவிட்டால், மற்ற உண்மைகளும் அதனோடு சேர்ந்து ஐயத்துக்குள்ளாகும்.

ஆயினும் அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. அது ஒலிப்பதிவேதான். தொடங்கிய நேரம் தெரியும். பதிவின் எந்த நிமிடத்தில் எந்தக் கேள்வி வருகிறது என்பது தேர்வை நடத்துவோருக்குத் தெரியும். ஆகவே '27ஆம் கேள்வி முதல் 34ஆம் கேள்வி வரை' என்று எழுதுவது, கடிகாரத்தைப் பார்த்து எழுதுவதைவிடத் துல்லியமானது. அந்த நேரத்தைத் தாழ்வாரத்துக் கண்காணிப்புக் கேமராவின் காட்சியோடு ஒப்பிடலாம். ஒலி பதிவாகாவிட்டாலும், எவர் எப்போது பட்டியலோடு நின்றார், கதவு எத்தனை முறை திறந்தது என்பது காட்சியில் இருக்கும். அத்தகைய காட்சிகள் குறிப்பிட்ட நாள்களுக்குப் பின் அழிந்துவிடுவது வழக்கம். அதனால்தான் கடிதம் அன்றிரவே போக வேண்டியிருந்தது.

அவர் ஆங்கிலத்தில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பிய கடிதத்தின் உள்ளடக்கம் தமிழில் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

"இன்று, சனிக்கிழமை, காலை அணியில், மூன்றாம் மாடி அறையில் தேர்வெழுதினேன். என் தேர்வு எண்ணும் இருக்கை எண்ணும் மேலே உள்ளன. கேட்டல் பிரிவின் ஒலிப்பதிவு காலை 9:50க்குத் தொடங்கியது. 27ஆம் கேள்வி முதல் 34ஆம் கேள்வி வரை, அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அடுத்த அணியினரின் பெயர்களும் எண்களும் உரக்கப் படிக்கப்பட்டன. இக்காலத்தில் அறைக்கதவு இரண்டு முறை திறக்கப்பட்டது. இரண்டாம் முறை சிறிது நேரம் திறந்தே இருந்தது. 34ஆம் கேள்வியின்போது நான் கை உயர்த்திக் கதவைச் சுட்டினேன்; அறைக் கண்காணிப்பாளர் அதைச் சாத்தினார். என் குறிப்புத் தாளில் இக்கேள்வி எண்களைக் குறித்துள்ளேன். அத்தாள் உங்களிடம் உள்ளது. மையத்தைவிட்டு வெளியேறுமுன், பிற்பகல் 1:05க்கு, மேற்பார்வையாளரிடம் தெரிவித்தேன். அவர் நிகழ்வுப் பதிவேட்டில் எழுதினார்.

இவ்வெட்டுக் கேள்விகளில் குறைந்தது நான்கில் ஒலிப்பதிவை என்னால் தெளிவாகக் கேட்க முடியவில்லை. மற்ற 32 கேள்விகளைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை. ஹெட்போனிலும் ஒலிப்பதிவின் தரத்திலும் குறையில்லை.

என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, தாழ்வாரக் கேமராவின் காலை 10:05 முதல் 10:20 வரையிலான காட்சியைப் பாதுகாத்து ஆராய வேண்டும். இரண்டு, அறிக்கையின் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்று, இடையூறு உறுதியானால், அவ்வறையில் எழுதிய அனைவருக்கும் கட்டணமின்றி மறுதேர்வு அளிக்க வேண்டும். என் முடிவு இன்னும் வெளியாகவில்லை. அது எதுவாயினும் இவ்வேண்டுகோள் மாறாது."

இக்கடிதத்தில் மூன்று செய்திகள் கவனிக்கத் தக்கவை. குறை இல்லாதவற்றைக் குறையில்லை என்று அவர் எழுதியது முதலாவது. எல்லாவற்றையும் குறைகூறும் கடிதத்தைவிட, ஒன்றை மட்டும் குறைகூறும் கடிதத்தை நிராகரிப்பது கடினம். 'எதுவும் கேட்கவில்லை' என்று மிகைப்படுத்தாமல் 'குறைந்தது நான்கில்' என்று எழுதியது இரண்டாவது. கடைசி வாக்கியம் மூன்றாவது. முடிவு வருவதற்கு முன் எழுதப்பட்ட முறையீட்டை, மதிப்பெண் குறைந்த ஏமாற்றத்தில் எழுந்தது என்று எவரும் தள்ளிவிட முடியாது.

பத்து நாளுக்குப் பின் முடிவு வந்தது. மற்ற மூன்று பிரிவுகளிலும் 7 அல்லது அதற்கு மேல், கேட்டலில் 6.5. இவ்வகைத் தேர்வுகளுள் பலரறிந்த ஐ.இ.எல்.டி.எஸ். வெளியிட்டுள்ள சராசரிக் கணக்கை இங்கே அளவுகோலாகக் கொள்ளலாம்: 40இல் 23 சரியாக இருந்தால் 6 புள்ளி, 30 இருந்தால் 7, 35 இருந்தால் 8. அதாவது 6க்கும் 7க்கும் இடையே ஏழு விடைகள். அரைப் புள்ளிக்கு மூன்று அல்லது நான்கு விடைகள். அவர் தெளிவாகக் கேட்காதவை என்று எழுதியதும் நான்கு விடைகளே.

அந்த இளைஞருக்கு 6 வந்தது. அப்போதுதான் அவர் மையத்துக்கு எழுதினார். தம் அணியில் சத்தம் மிகுதியாக இருந்தது, கேட்டல் பிரிவில் குறைந்துவிட்டது, மறுபடி மதிப்பிட வேண்டும் என்று. மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அவர் செலுத்தினார், புள்ளி மாறவில்லை. மாறுவதற்கு இடமும் இல்லை. எழுதுதலிலும் பேசுதலிலும் மதிப்பிடுபவர் ஒருவர் இருக்கிறார். வேறொருவர் வேறு விதமாக மதிப்பிடக்கூடும். கேட்டலிலோ விடைப்பட்டியல் ஒன்றே. தவறாகக் கேட்டு எழுதிய எண், எத்தனை முறை திருத்தினாலும் தவறான எண்தான். ஏன் தவறாகக் கேட்டது என்பது விடைத்தாளில் இராது. மறுமதிப்பீடு என்பது தாளைப் பற்றிய கேள்வி. முறையீடு என்பது அறையைப் பற்றிய கேள்வி. ஒன்றைக் கேட்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கேட்டுப் பணத்தையும் நாள்களையும் இழப்பவர் பலர்.

மாணவியின் கடிதத்துக்கு மூன்றாம் வாரம் பதில் வந்தது. தாழ்வாரத்தில் சரிபார்ப்பு நடந்ததும் கதவு திறந்திருந்ததும் உறுதியாயின என்றும், அவ்வறையில் எழுதியவர்கள் விரும்பினால் கட்டணமின்றி மறுதேர்வு எழுதலாம் என்றும், வெளியான புள்ளியில் மாற்றம் செய்ய இயலாது என்றும் அதில் இருந்தது. அறையிலிருந்த அனைவருக்கும் என்று அவர் எழுதியிருந்ததால், அந்த இளைஞருக்கும் வாய்ப்பு வந்தது.

புள்ளியைக் கூட்ட மறுத்தது முதலில் அநீதியாகத் தோன்றும். பிரிட்டனின் பள்ளித் தேர்வுகளில் இதற்கு வேறு வழக்கம் உண்டு. அங்கே தேர்வு அமைப்புகளின் கூட்டு மன்றம் வகுத்த விதிப்படி, இடையூறுக்குள்ளான மாணவருக்கு உச்ச அளவாக 5 விழுக்காடு வரை மதிப்பெண் கூட்டலாம். அந்த 5 விழுக்காடு, பெற்றோரின் மரணம் போன்ற பெருந்துயருக்கு உரியது. நொடிப்பொழுதில் முடிந்துவிடாத இரைச்சலுக்கு அவ்விதி வகுத்திருப்பது 1 விழுக்காடு. அதைக் குகட்பள்ளிக் கணக்கில் இட்டால் 40க்கு அரை விடைகூட ஆகாது. மேலும் மொழித் தேர்வின் சான்றிதழ், இவர் இந்த அளவு கேட்டு விளங்கிக்கொண்டார் என்று கூறுவது. கேட்டிருப்பார் என்று கூறுவது அன்று. கேளாத நான்கு விடைகளை எவரும் கேட்டதாகச் சான்றளிக்க முடியாது. மீண்டும் அமைதியான அறையில் அமர்த்திக் கேட்கச் செய்வதே நேர்மையான ஈடு. குறை என்னவென்றால், அந்த ஈடு காலத்தைத் திருப்பித் தருவதில்லை. மறுதேர்வின் நாள் உதவித்தொகைக் கெடுவுக்கு ஆறு நாள் பிந்தியது.

அங்கேதான் கடிதத்தின் இரண்டாம் பயன் வெளிப்பட்டது. மையம் எழுத்தில் தந்த பதிலை அவர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, இரண்டு வார அவகாசம் கேட்டார். இடையூறு நேர்ந்தது என்று தாமே சொல்லியிருந்தால் அது ஒரு சாக்குப்போக்காக நின்றிருக்கும். மையமே ஒப்புக்கொண்ட தாள் கையில் இருந்ததால், அவகாசம் கிடைத்தது. முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இரண்டாம் வேண்டுகோளாகக் கேட்டதன் பலன் அது.

மறுதேர்வில் கேட்டலுக்கு 7.5 வந்தது. இதைக்கொண்டு தாழ்வாரத்துக் குரல் தம்மிடமிருந்து ஒரு புள்ளியைப் பறித்தது என்று அவர் எவரிடமும் சொல்லவில்லை. அளவீட்டில் பயின்றவர் அவ்வாறு சொல்லவும் மாட்டார். ஒரே மனிதர் ஒரே ஆற்றலோடு இரண்டு முறை எழுதினாலும் புள்ளி சற்று மேலும் கீழும் அசையும், ஐ.இ.எல்.டி.எஸ். தன் கேட்டல் பிரிவுக்கு வெளியிட்டுவரும் அளவீட்டுப் பிழையே ஏறத்தாழ 0.4 புள்ளி. இரண்டாம் முறை எழுதுபவருக்குப் பழக்கமும் சிறிது கைகொடுக்கும். எவ்வளவு இரைச்சலால், எவ்வளவு தற்செயலால் என்று பிரித்துக் காட்ட வழியில்லை. அவருடைய முறையீடும் அப்பிரிவினையைச் சார்ந்து நிற்கவில்லை. அறை அமைதியாக இருக்கவில்லை என்பதே அவர் கூற்று; அது மட்டுமே அவரால் உறுதிப்படுத்தக் கூடியதாயிருந்தது.

தென்கொரியாவில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலக் கேட்டல் பகுதிக்காக 35 நிமிடங்கள் நாடெங்கும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. வானில் இருப்பவை உயரத்திலேயே வட்டமிட்டுக் காத்திருக்கின்றன. குகட்பள்ளியில் எவரும் சாலைப் போக்குவரத்தை நிறுத்தக் கேட்கவில்லை. மெட்ரோவை நிறுத்தக் கேட்கவில்லை. சரிபார்ப்பை 30 நிமிடம் தள்ளிவைத்திருந்தால் போதும்.

மறுதேர்வு நாளன்று மூன்றாம் மாடித் தாழ்வாரம் வெறுமையாக இருந்தது. அடுத்த அணியினரைக் கீழ்த்தளத்திலேயே அமர்த்தியிருந்தார்கள். கதவில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும், ஒலிப்பதிவு நடைபெறுகிறது, திறக்க வேண்டாம் என்ற தாள் ஒட்டியிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி; அதில், அன்று பெயர்களை உரக்கப் படித்த அதே ஊழியர், பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாணவி உள்ளே போகும்போது அவர் லேசாகத் தலையசைத்தார். அவருக்கு இவரை அடையாளம் தெரிந்ததா என்பது தெரியவில்லை.